தாய் கதவைச் சாத்தியது ஏன்?

விடைத்தாள் திருத்தும் அறையில் ஒரு டீச்சர் நாற்பதாவது தாளில் மாட்டிக்கொண்டாள். ஒரு நாடகத்திலிருந்து எட்டு வரி கொடுத்து, தாய் கதவைச் சாத்தியது ஏன் என்று கேட்டிருந்தார்கள். ‘சாரல் அடிக்கிறது’ என்று அந்தத் தாயே எட்டு வரிக்குள் சொல்லிவிடுகிறாள், விடைக்குறிப்பும் அதுதான். இந்தப் பிள்ளையோ, உள்ளே ஒளிந்திருக்கும் மகனைக் காப்பாற்ற என்று எழுதியிருந்தது. அந்தச் சங்கதி நாடகத்தின் அடுத்த காட்சியில்தான் வெளியே வரும்.

டீச்சர் தாளைத் தூக்கிக்கொண்டு தலைமைத் தேர்வாளரிடம் போனாள். “சார், முழு நாடகத்தையும் படிச்ச பிள்ளை இது. முட்டை போடச் சொல்றீங்களா?”

“கொடுத்த பகுதியை வச்சு எழுதுன்னு கேள்வியிலயே இருக்கே. நீங்க வகுப்புல என்னன்னு சொல்லிக்குடுக்குறீங்க?”

அவள் தாளோடு இடத்துக்குத் திரும்பினாள். ‘கொடுத்ததைத் தாண்டாதே’ என்று ஆண்டு முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிறவள் அவள்தான். பல்லைக் கடித்துக்கொண்டு பூஜ்யம் போட்டாள்.

அடுத்த தாளில் விடை கச்சிதமாக இருந்தது: ‘சாரல் அடிப்பதால்.’ இரண்டு மதிப்பெண்ணும் போட்ட பிறகுதான், கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் பார்த்தாள்.

‘அவள் பொய் சொல்கிறாள். அதை எழுதக் கூடாது என்று எங்கள் டீச்சர் சொன்னார்.’