அதே பேர், அதே பாஸ்வேர்டு

தாராவியில் தெருவைத் தோண்டியவர்கள் பிராட்பேண்ட் வயரையும் சேர்த்தே தோண்டி எறிந்தார்கள். பதினொரு மணிக்கு ரீனாவுக்கு வீடியோவில் இன்டர்வியூ. அப்பா வேதமுத்து தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தார். பத்தே நிமிடத்தில், அன்றைய ஒன்றரை ஜிபியில் தொண்ணூறு சதவீதம் தீர்ந்ததென்று மெசேஜ் வந்தது. ரீனா போனைப் பிடுங்கிப் பார்த்தால், எட்டு இணைப்புகள்!

"யப்பா, என்ன பேரு வெச்சீய?"

"நம்ம வைஃபை பேருதாம்ட்டி. பாஸ்வேர்டும் அதேதான். புதுசா எதுக்கு அடிக்கணும்?"

தெருவுக்கே தெரிந்த பாஸ்வேர்டு. எதிர்வீட்டு டிவி தானாக ஒட்டிக்கொண்டு படம் ஓட்டிக்கொண்டிருந்தது.

ரீனா பாஸ்வேர்டை மாற்றினாள். லேப்டாப்பில் அப்டேட்டை நிறுத்தினாள். இன்டர்வியூ எடுத்தவரிடம் அனுமதி கேட்டுக் கேமராவை அணைத்து, குரலில் மட்டும் பேசினாள். மிச்ச டேட்டா கடைசிக் கேள்வி வரை தாங்கியது.

"வீட்டிலிருந்தே வேலை. நெட் எப்படி?"

"எட்டு வீட்டுக்குப் பத்தும், சார்."