மீனம்மா அழுத்தாத பொத்தான்

மீனம்மா அவள் பெயரல்ல. போன வருடம் ஒரு போலி மெயிலில் சிக்கியதற்காகச் சரக்கு அனுப்பும் அந்த அலுவலகம் சூட்டிய பட்டம். மேனேஜர் அவள் போட்டோவைப் பயிற்சிக் கூட்டத்தின் பெரிய திரையில் போட்டு, "தூண்டில் போட்டாங்க, நம்ம மீனம்மா மாட்டிட்டாங்க"ன்னார். நாற்பது பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்து, இன்னும் அங்கேதான் இருந்தது.

அன்றிலிருந்து அவள் கண் கழுகுக் கண். திங்கட்கிழமை காலை, குவிந்து கிடந்த மெயில்களை மளமளவென்று தள்ளிக்கொண்டே வந்தவள் ஒன்றில் நின்றாள். பழைய வாடிக்கையாளர் பெயர், அழகான லோகோ, ஒரு பிழைகூட இல்லாத மொழி. "புதிய ஒப்பந்தம். இன்றே பார்க்கவும்." ஆனால் பெயருக்குப் பின்னால் இருந்த முகவரி அந்தக் கம்பெனியுடையதே அல்ல. லிங்க் மேல் மவுஸைக் கொண்டுபோனாள், அழுத்தவில்லை. கீழே தெரிந்த முகவரியும் வேறு ஏதோ தளத்துடையது.

அந்த மெயில் அலுவலகம் முழுவதற்கும் வந்திருந்தது, மேனேஜருக்கும். புகார் பொத்தானை அழுத்தினால் போதும். கம்ப்யூட்டர் பிரிவு எல்லார் பெட்டியிலிருந்தும் அதை உருவிவிடும்.

கண்ணாடி அறைக்குள் அவர் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு இன்னொரு போனில் மெயில் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் அனுப்பியவர் பெயர் மட்டும்தான் தெரியும். முகவரியைப் பார்க்க அதைத் தட்ட வேண்டும். அவர் தட்டுகிற ஆளா? பிழை இருந்தால் போலி, இல்லாவிட்டால் நிஜம், இதுதான் அவர் நடத்திய பாடம்.

'மாட்டுடா, மகனே' என்று மனசுக்குள் கறுவியபடி எழுந்து காபி எடுக்கப் போனாள். அவ்வளவு ருசியான காபியை அவள் குடித்ததே இல்லை.

மதியத்துக்குள் அவர் வெளிறிப்போய் அவள் மேசைக்கு வந்தார்.

"பாஸ்வேர்டு கேட்டுச்சு, போட்டேன். போனுக்கு வந்த நம்பரும் போட்டுட்டேன். இப்ப என் பேர்ல எல்லா கஸ்டமருக்கும் மெயில் போகுதாம். என்னம்மா பண்றது?"

"உடனே கம்ப்யூட்டர் பிரிவுக்குச் சொல்லுங்க சார். கணக்கை முடக்கட்டும்," என்றாள். பிறகு, எல்லாருக்கும் கேட்கும்படி, "உங்க போட்டோ ஒண்ணு குடுங்க சார், அடுத்த கூட்டத்துக்கு ஆகும்" என்றாள்.

அலுவலகம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் தலை குனிந்தது. அவளுக்கு மனசெல்லாம் குளிர்ந்தது.

அப்போது தங்கச்சி போன் செய்தாள். வாடிக்கையாளர் கம்பெனி ஒன்றில் போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவள்.

"அக்கா, உங்க மேனேஜர் ஒப்பந்தம்னு ஒரு மெயில் அனுப்பினார். நிஜமாவே அவரோட முகவரிதான், நீ சொன்ன மாதிரி பாத்துத்தான் திறந்தேன். பாஸ்வேர்டு கேட்டுச்சு, போட்டுட்டேன். இப்ப எங்க மெயிலெல்லாம் முடங்கிப் போச்சு." அவள் குரல் உடைந்தது. "எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க அக்கா."