முப்பத்துமூன்று ஞாயிறுகள்

தேதி பதினொன்றா பதினேழா என்று தெரியவில்லை. சபிதா போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பில்லின் மை மங்கி, இரண்டாவது இலக்கத்தில் ஒரு கோடு மட்டும் மிச்சமிருந்தது. சந்தேகம் வந்த இடத்தில் ஊகித்து டைப் அடிக்கக் கூடாது என்று முதல் பத்துப் பில்லிலேயே முடிவு செய்திருந்தாள். ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த போட்டோவுக்குப் போனாள்.

அவள் அப்பா பொன்னுலிங்கம் நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் நான்கு நாளாகக் கிடந்தார். கீரிப்பாறை எஸ்டேட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. இரண்டு கிட்னியும் ஏன் நின்றன என்று டாக்டருக்குப் பிடிபடவில்லை. பிரஷர் மாத்திரையைத் தவிர வேறெதுவும் எடுக்கவில்லை என்று அப்பா சாதித்தார். "ஒரு வருஷத்து மருந்தெல்லாம் தேதியோட டைப் செஞ்சு கொண்டுவாங்க. போன்ல தள்ளித் தள்ளிப் பாக்க எனக்கு நேரமில்ல" என்றார் டாக்டர்.

எஸ்டேட்டில் மருந்துச் செலவைக் கிளெய்ம் செய்ய அப்பா பில்களைச் சேர்த்துத் தம்பி பிரதீஷிடம் கொடுப்பார். மை அழிந்துவிடும் என்பதால் அவன் படிக்காமலேயே போட்டோ எடுத்து வைப்பான். மொத்தம் தொண்ணூற்றொன்று. தான் வேலை செய்யும் மருந்துக்கடையில் காலைக் கூட்டம் குறைந்ததும் சபிதா கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தாள். தேதி, கடை, பில் எண், மருந்து, எண்ணிக்கை என ஐந்து பத்தி.

கேள்விக்குறி போட்ட பில் இதே கடையுடையதுதான். எண் 4412. அன்றாடக் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தாள். ஆகஸ்ட் பதினாறாம் தேதி கடைசி பில் 4398. அப்படியென்றால் பதினேழு. டைக்ளோஃபினாக் வலி மாத்திரை, இருபது. இப்படி ஒரு பில் போட்ட நினைவு அவளுக்கு இல்லை. காலண்டரைத் திருப்பினாள். ஆகஸ்ட் பதினேழு, ஞாயிறு. அவளுக்கு லீவு.

தேதிக்குப் பக்கத்தில் கிழமைக்கு ஒரு பத்தி சேர்த்தாள். அந்த மாத்திரையை மட்டும் பிரித்தெடுத்துத் தேதி வாரியாக அடுக்கினாள்.

ஞாயிறு. ஞாயிறு. ஞாயிறு.

மே மாதம் அப்பா முட்டுவலி மாத்திரை கேட்டபோது, டாக்டர் சீட்டு இல்லாமல் இனி தரமாட்டேன், கிட்னி போய்விடும் என்று இதே கவுண்டரில் நின்று அவள் சொல்லியிருந்தாள். அவர் சிரித்துக்கொண்டே போனார். ஜூன் ஒன்றிலிருந்து ஜனவரி பதினொன்று வரை முப்பத்துமூன்று ஞாயிறுகள். ஒன்றுகூட விடவில்லை. ஜூனில் வாரம் பத்து, ஆகஸ்டில் இருபது, டிசம்பரில் முப்பது.

அய்யாவழித் தாங்கலில் உகப்படிப்பு வழிபாட்டுக்குப் போய்வருகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் துணியில் தலைப்பாகை கட்டிக்கொண்டு கிளம்புவார். திரும்பி வந்ததும் அவள்தான் சோறு போடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கவுண்டரில் உட்காருவது கடைக்காரி நாகம்மை. சபிதாவின் தோளுக்கு மேலாக அவள் திரையைப் பார்த்தாள்.

"நம்ம கடை பில்லும் அதுல வேணுமாட்டி?"

"டாக்டர் எல்லாம் கேட்டிருக்காரு."

"கேப்பாரு. நாளைக்கு டிரக் இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா நீ வந்து நிப்பியா?"

"நீங்க ஏன்க்கா குடுத்தீங்க?"

நாகம்மை அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மோளு வேலைக்கு நிக்குத கடைன்னு வந்து கேக்காரு. முட்டு மடங்காம எப்பிடி மலை ஏறுவேன்னு கேக்காரு. இல்லேன்னு சொல்லவா? சபிதாட்ட சொல்லாண்டாம், வைவான்னும் சொன்னாரு."

போன் அடித்தது. பிரதீஷ். "அக்கா, அடிச்சிட்டியா? டாக்டர் வந்து நிக்காரு."

"அடிச்சாச்சு."

முப்பத்துமூன்று வரியையும் கர்சரால் தொட்டால் நீலமாகிவிடும். அழிக்க ஒரு பொத்தான் போதும். அவள் தொடவில்லை. மூன்று பக்கம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நாளை முதல் வரவேண்டாம் என்று நாகம்மை சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் இரண்டாவது பக்கத்தில் நிறுத்தினார். "யாரு குடுத்தது?"

"நான் நிக்கிற கடை."

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். "வந்த அன்னைக்கே இது தெரிஞ்சிருக்கணும்" என்றார். அந்தத் தாள்களை ஃபைலில் குத்தினார்.

அன்று மாலை நான்கு மணிக்கு அப்பா இறந்தார். அம்மா தாணம்மாள் வராந்தாவில் சபிதாவின் தோளை உலுக்கினாள். "மருந்துக்கடையில நிக்குதியே. ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்திருக்கக் கூடாதாட்டி?" டாக்டரிடம் தாள்களைப் பார்த்திருந்த பிரதீஷ் வாயைத் திறந்தான். சபிதா அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

மறுநாள் காலை, வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி முடிந்திருந்தது. அவர்கள் குடும்பத்தில் எரிப்பதில்லை. வடக்கு பார்த்துச் சம்மணமிட்டு உட்காரவைத்துத்தான் அடக்குவது. ஆண்கள் நான்கு பேர் சேர்ந்து அப்பாவின் கால்களை மடக்கினார்கள். இடது முட்டு மடங்கவில்லை. ஒருவர் தொடையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பாதத்தைப் பற்றி அழுத்தினார்.

"மெள்ளப் பிடிங்கப்பா" என்றாள் தாணம்மாள். "அவருக்கு அந்த முட்டு வலிக்கும்."

அவர்கள் கையை எடுத்தார்கள். பிறகு மறுபடியும் அழுத்தத் தொடங்கினார்கள்.