கூட்டல் குறி

ஒரு கல்லூரியில் கணிதம் கற்பித்த ஜெபமணி, விடைத்தாள் கட்டைப் பிரிக்கும் முன் ஒரு நிமிடம் கண்ணை மூடி ஜெபம் செய்வார். யாருக்கும் அநியாயம் செய்துவிடக் கூடாது என்பதுதான் அவர் வேண்டுதல். ஜெபம் முடிந்ததும் வேகமாகத் திருத்துவார். ஒவ்வொரு கணக்கிலும் கடைசி வரியைப் பார்ப்பார். விடை சரியென்றால் முழு மதிப்பெண். தப்பென்றால்தான் மேலே ஏறிப் படிப்பார். அதற்கும் பல நேரம் பொறுமை இருக்காது.

மாதிரித் தேர்வில் அவர் கேட்ட கணக்கு சைக்ளாய்டு பற்றியது. தரையில் உருளும் சக்கரத்தின் விளிம்பில் ஒரு புள்ளி வைத்தால், அது காற்றில் வரைந்துகொண்டு போகும் வளைவுதான் சைக்ளாய்டு. ஒரு வளைவுக்கும் x அச்சுக்கும் இடையே உள்ள பரப்பு எவ்வளவு? 3πa². சக்கரத்தின் பரப்பைப் போல் சரியாக மூன்று மடங்கு. வகுப்பில் அவர் வரிவரியாகச் சொல்லி எழுத வைத்திருந்தார். பிள்ளைகளும் அதை மனப்பாடம் செய்து அப்படியே எழுதியிருந்தார்கள்.

இரண்டு பேர் மட்டும் πa² என்று எழுதியிருந்தார்கள். அனுமந்தன்பட்டி ராமுத்தாயும் தேனி சொர்ணலதாவும். இருவரும் ஒரே பெஞ்சு. மற்ற எல்லாரும் ஒரு விடை எழுத, பக்கத்துப் பக்கத்தில் இருந்த இருவர் மட்டும் ஒரே தப்பை எழுதினால் என்ன அர்த்தம்? ஜெபமணி வருத்தத்தோடுதான் துறைத்தலைவர் ஞானசிகாமணியிடம் போய்ச் சொன்னார். அவர் கண்டிப்பானவர்.

"காப்பி அடிச்சவுகளைப் பல்கலைக்கழகப் பரீட்சைக்கு அனுப்ப முடியாது. வீட்டுல இருந்து ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்லும்" என்றார்.

மறுநாள் காலை ராமுத்தாயின் அப்பா சின்னச்சாமி முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். வயலில் இருந்து நேராக வந்தவர்போல் முழங்காலில் சேறு காய்ந்திருந்தது. துறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஜெபமணி நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க" என்றார். அவர் உட்காரவில்லை. ஜெபமணி தன் பிளாஸ்கில் இருந்த காப்பியை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"எம்புள்ள களவு செஞ்சிருக்காது சார். செஞ்சிருந்தா எங்கிட்டச் சொல்லியிருக்கும். அதுக்குப் பொய் பேச வராது. நீங்க அதை ஒரு தடவை கேட்டுப் பாத்தீகளா?"

ஜெபமணிக்குத் துணுக்கென்றது. தலைவரிடம் போனவர், அந்தப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கேக்கலை" என்றார். "இப்பக் கேக்குறேன். இங்கனயே இருங்க."

காலியாக இருந்த வகுப்பறைக்கு இருவரையும் கூப்பிட்டார். சொர்ணலதா கடை வியாபாரக் குடும்பத்துப் பெண்; அவள் வீட்டில் இருந்து இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. வாய்க்கு வாய் பதில் இருக்கும்.

"சார், காப்பி அடிக்கிறவ தப்பு விடையவா பாத்து அடிப்பா? முன் பெஞ்சு மலையம்மாள் தாளைப் பாத்து எழுதியிருந்தா எங்களுக்கு முழு மார்க்கு கிடைச்சிருக்கும்ல?"

"நீ கொஞ்சம் சும்மா இருடீ" என்று ராமுத்தாய் அவள் கையைக் கிள்ளினாள். அழுது அழுது ராமுத்தாயின் கண்ணிமை தடித்திருந்தது.

ஜெபமணி சொர்ணலதாவை வராந்தாவில் நிற்கச் சொல்லிவிட்டு ராமுத்தாயிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்தார். "அந்தக் கணக்கைப் போடு. நான் குறுக்கே பேச மாட்டேன்."

ராமுத்தாய் முதலில் படம் வரைந்தாள். வகுப்பில் அவர் வரைந்தது கவிழ்த்த சட்டிபோல் இருக்கும். இவள் வரைந்தது நிமிர்ந்த கிண்ணம். அடி தரையைத் தொட்டது. இரு முனைகளும் 2a உயரத்தில் கூர்மையாக நின்றன. பிறகு எழுதினாள்: dx = a(1 + cos θ) dθ.

பேச மாட்டேன் என்றவர் பேசிவிட்டார். "ஏம்மா, அங்கன கழித்தல்தான வரணும்?"

அவள் திரும்பிப் பயத்தோடு பார்த்தாள். "கேள்வித்தாள்ல கூட்டல் போட்டிருக்கீக சார்."

ஜெபமணி பைக்குள் கைவிட்டுத் தன் கேள்வித்தாளை எடுத்தார். அவர் கையாலேயே ஸ்டென்சில் தாளில் எழுதி நகலெடுத்ததுதான். x = a(θ + sin θ), y = a(1 − cos θ). வகுப்பில் நடத்தியது θ − sin θ. கேள்வி எடுக்கும்போது வேறொரு புத்தகத்தைப் பார்த்திருக்கிறார். சைக்ளாய்டை இரண்டு விதமாகவும் எழுதுவார்கள். கூட்டல் போட்டால் வளைவு தலைகீழாகிவிடும். விடையை மட்டும் பழையபடியே வைத்திருக்கிறார்.

"மேலே போடு தாயி" என்றார். குரல் இறங்கியிருந்தது.

அவள் போட்டாள். y-ஐயும் dx-ஐயும் பெருக்கினால் (1 − cos θ)(1 + cos θ). அது sin²θ. −π முதல் π வரை தொகையிட்டால் π. a² சேர்த்து πa². கிண்ணத்துக்கும் தரைக்கும் நடுவே உள்ள பரப்பு அதுதான்.

"அப்ப அந்த 3πa² எங்க போச்சு?" தன்னையே கேட்டுக்கொள்வதுபோல் கேட்டார்.

"கிண்ணத்துக்குள்ள இருக்கு சார். சுத்திக் கட்டம் போட்டா நீளம் 2πa, உயரம் 2a. மொத்தம் 4πa². அதுல கீழ ஒண்ணு போக, உள்ள மூணு. ஆனா நீங்க அச்சுக்கும் வளைவுக்கும் நடுவுலதான கேட்டீக?"

அவர் இரண்டு விடைத்தாள்களையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். இப்போதுதான் முதல் வரியில் இருந்து படித்தார். ராமுத்தாய் −π முதல் π வரை போயிருந்தாள். சொர்ணலதாவோ 0 முதல் 2π வரை போயிருந்தாள். அவள் படத்தில் கிண்ணம் இல்லை. நடுவில் கூரான உச்சி நின்றது. வழி வேறு, படம் வேறு, விடை மட்டும் ஒன்று. ஒருத்தி மற்றவளைப் பார்த்திருக்கவே முடியாது. மற்ற தாள்களையும் பிரித்தார். எல்லாரும் கேள்வியை ஒருமுறைகூடப் பார்க்காமல், அவர் சொல்லிக் கொடுத்த கழித்தலையே எழுதியிருந்தார்கள். அதற்குத்தான் அவர் முழு மதிப்பெண் போட்டிருந்தார்.

கர்த்தரிடம் அநியாயம் வேண்டாம் என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் திறக்காமலே திருத்தியிருக்கிறோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

ஞானசிகாமணியிடம் போய் நடந்ததைச் சொன்னார். அவர் இரண்டு தாள்களில் இருந்த கணக்கையும் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்தார். கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"வெளியில தெரிஞ்சா உமக்குத்தான்யா அவமானம். கேள்வியை ரத்துப் பண்ணிட்டுப் பேசாம இருந்துருவோமா?"

"ரத்துப் பண்ணினா பிள்ளைங்க மேல சந்தேகம் அப்படியே நின்னுரும் சார். வகுப்புல நானே சொல்லிர்றேன்."

தலைவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சொல்லும். ரெண்டு பேரும் பரீட்சைக்குப் போகட்டும்."

அன்று பிற்பகல் ஜெபமணி வகுப்பில் இரண்டு வளைவுகளையும் கரும்பலகையில் வரைந்து, தன் தப்பைச் சொல்லி, இருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். மற்றவர்களுக்கு அந்தக் கணக்கின் மதிப்பெண் போய்விடும் என்றதும் வகுப்பு சலசலத்தது.

"போகட்டும் சார், நல்லாப் போகட்டும். ரெண்டு நாளா எங்களைக் கள்ளின்னுதான பாத்தாளுக" என்றாள் சொர்ணலதா.

ராமுத்தாய் எழுந்தாள். "வேண்டாம் சார். இன்னொரு நாள் வேற கணக்குக் குடுங்க. எல்லாரும் போடட்டும். கூட்டல்லயும் குடுங்க, கழித்தல்லயும் குடுங்க."

மலையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். சொர்ணலதா ஒரு பெருமூச்சு விட்டு, "சரி, இவ சொல்லிட்டா. நான் என்னத்தச் சொல்ல?" என்றதும் வகுப்பே சிரித்துவிட்டது. அப்படியே ஆகட்டும் என்றார் ஜெபமணி.

துறை வாசலில் சின்னச்சாமி இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஜெபமணி அவர் முன்னால் கைகூப்பினார். "தப்பு என் பேர்லங்க. உங்க மக போட்டதுதான் சரி. என்ன நடந்துச்சுன்னா, அந்தக் குறி..."

"அதெல்லாம் எனக்கு விளங்காது சார்." சின்னச்சாமி பதறி அவர் கைகளைப் பிடித்து இறக்கினார். "புள்ளைய ஒரு வார்த்த கேட்டீகள்ல, அது போதும். அப்ப பரீட்சை எழுதலாமா?"

"எழுதலாம்."

சின்னச்சாமி அப்போதுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.