ஜெராக்ஸ் எடுத்த டயட்

ஆறு வாரமாக நானும் என் வீட்டுக்காரரும் ஒரே டயட் தாளைப் பின்பற்றினோம். டயட்டீஷியன் அதை அவருக்காகத்தான் எழுதிக் கொடுத்தார். நான் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். ஒரே கரண்டி, ஒரே அளவு. அவர் ஆறு கிலோ இறங்கினார். நான் முக்கால் கிலோ.

"நீ எனக்குத் தெரியாம தின்னுற" என்று பிஸ்கட் அலமாரியைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே, உடம்பில் ஏதோ கோளாறோ என்ற பயமும்.

இன்று டயட்டீஷியன் எங்கள் உயரம், எடை, வேலை எல்லாம் கேட்டு எழுதினார்.

"சார் ஆறடி. தபால் பையோட நாள் முழுக்க நடக்கிறார். அவர் உடம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2600 கலோரி செலவு பண்ணுது. தாள்ல இருக்கிறது 1500. துண்டு விழுறது 1100. நீங்க உயரம் கம்மி, தையல் மிஷின்லயே உக்காந்திருக்கீங்க. உங்க செலவே 1650 தான். துண்டு விழுறது வெறும் 150. எடையைக் குறைக்கிறது அந்தத் துண்டுதான், தாள் இல்ல. முக்கால் கிலோ சரியான கணக்கு."

"அப்போ எனக்குக் கோளாறு எதுவும்...?"

"அப்படி நினைக்க இதுல ஒண்ணுமே இல்லைம்மா. உங்களுக்குத் தனியா எழுதறேன். பட்டினி வேண்டாம், நடையைக் கூட்டுவோம்."

நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. வெளியே வந்ததும் வீட்டுக்காரர் முன்னால் கையை நீட்டினேன்.

"என்ன, பிஸ்கட் வேணுமா?"

"பிஸ்கட்டை நீங்களே வெச்சுக்குங்க. சாவியைக் குடுங்க."