நன்றாக வந்த ஒரு மதிப்பெண்

கிரேன்காரர் மறுபடியும் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பதினான்கு மாதத்துக்கு முன்னால் உட்கார்ந்ததும் இதே அறைதான், இதே மேசைதான், எதிரே இருந்ததும் இதே உளவியலாளர்தான். நடுவில் ஓர் ஆள் செத்துப்போயிருந்தான் என்பதுதான் வித்தியாசம்.

செத்தவன் சிக்னல்மேன். கட்டடத்தின் அடியில் நின்று, மேலே கேபினில் இருக்கும் கிரேன்காரருக்குக் கையால் சைகை காட்டுகிறவன். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு கான்கிரீட் பலகை இறங்கிக்கொண்டிருந்தபோது உள்ளங்கையை விரித்து உயர்த்தினான். நிறுத்து என்று அர்த்தம். பலகை நிற்கவில்லை. சுவருக்கும் பலகைக்கும் நடுவில் அவன் இருந்தான்.

இந்த மூன்று மாதமாக உளவியலாளருக்கு அந்தக் கைதான். அவர் அதை நேரில் பார்த்ததே கிடையாது. ஆனாலும் சாலையில் போக்குவரத்துக் காவலர் கையைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருத்துவமனை லிப்டில் யாராவது கதவைத் தடுக்கக் கை நீட்டினால் பின்னால் நகர்ந்துகொண்டார். கண்ணை மூடினால் விரிந்த உள்ளங்கை. ஏனென்றால், "இவர் வேலைக்குத் தகுதியானவர்" என்று பதினான்கு மாதத்துக்கு முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

கிரேன்காரருக்கு அதற்கு ஆறு மாதத்துக்கு முன்புதான் தலையில் அடி. ஏணியிலிருந்து விழுந்ததில் நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதியில் இரண்டு பக்கமும் ரத்தக்கட்டு. வேறொரு மருத்துவமனையில் ஒரு மாதம் படுத்திருந்து பிழைத்து வந்தவர். நடை, பேச்சு, பார்வை எல்லாம் பழையபடி வந்துவிட்டது. இப்படிப்பட்டவர்களைப் பற்றித்தான் சொந்தக்காரர்கள் "ஒண்ணுமே ஆகல, கல்லு மாதிரி இருக்காரு" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். உளவியலாளருக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வரும். முன்மூளையில் பட்ட அடி வெளியே தெரியாத அடி. திட்டம் போடுவது, ஆரம்பித்ததை நிறுத்துவது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, தப்பு நடக்கும்போதே பிடிப்பது, இவையெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அதை அளக்கத்தான் அவர் இருக்கிறார். அளந்தார். அளந்துதான் எழுதினார்.

இப்போது விசாரணைக் குழு மறுபடி அளக்கச் சொல்லியிருந்தது. கம்பெனியின் வக்கீல் சொல்லும் கணக்கு எளிமையானது: ஆள் முழு ஆரோக்கியம் என்று நிபுணரே எழுதிக் கொடுத்திருக்கிறார், அப்படியென்றால் நடந்தது அலட்சியம், அலட்சியத்துக்கு ஜெயில்.

"எப்படி இருக்கீங்க சார்?"

"நல்லா இருக்கேன் மேடம்." நிஜமாகவே நல்லா இருக்கிறவர் போலத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பு அந்த முகத்துக்கு மேலே யாரோ ஒட்டிவைத்ததுபோல் இருந்தது.

"அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்ல முடியுமா?"

"மச்சான் கையைக் காட்டினான் மேடம்." சிக்னல்மேனை அவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார், உறவு ஒன்றும் கிடையாது. "நான் பார்த்தேன். நிறுத்தணும்னு தெரிஞ்சுது. வாய்விட்டே சொன்னேன், நிறுத்து, நிறுத்துன்னு. லிவர்ல இருந்த கை கேக்கல. அது பாட்டுக்கு எறக்கிக்கிட்டே இருந்துச்சு."

சோதனை விவரம் சொல்வதுபோல அமைதியாகச் சொன்னார். உளவியலாளர் அதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டார்.

சோதனைகளை ஆரம்பித்தார். பதினைந்து சொற்களைப் படித்துக்காட்டி, அரை மணி கழித்துக் கேட்டார், பதின்மூன்று வந்தது. நினைவாற்றல் பழுதில்லை. தாளில் சிதறிக்கிடந்த எண்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று கோட்டால் இணைக்கச் சொன்னார். முப்பத்தாறு நொடி, வயதுக்குச் சரியான வேகம். அடுத்த தாளில் எண்ணும் எழுத்தும் கலந்து கிடந்தன. ஒன்றிலிருந்து அ, அங்கிருந்து இரண்டு, அங்கிருந்து ஆ என்று மாறி மாறிப் போக வேண்டும். இங்கேதான் தடுமாறினார். நூற்று எழுபது நொடி. மூன்று இடத்தில் எழுத்துக்குத் தாவாமல் எண்ணிலேயே ஓடினார். கை மெதுவானால் முதல் தாளும் மெதுவாகியிருக்கும். இது வேகத்தின் குறை இல்லை, மாறுவதில் உள்ள குறை.

ப-வில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடம் சொல்லச் சொன்னார். ஆட்களின் பெயர் கூடாது, சொன்னதையே சொல்லக் கூடாது. "பல், பால், பானை, பல், பலகை, பலகை..." என்று இழுத்தார், அப்புறம் மனைவியின் பெயரைச் சொன்னார். "பேரு சொல்லக்கூடாதுல்ல?" என்று தானே சிரித்துவிட்டு, மறுபடியும் அதையே சொன்னார்.

பிறகு சீட்டுக்கட்டை எடுத்தார். சீட்டுகளை நிறப்படியோ வடிவப்படியோ எண்ணிக்கைப்படியோ அடுக்க வேண்டும், ஆனால் எதன்படி என்று சொல்ல மாட்டார்கள். சரி, தப்பு என்று மட்டும் சொல்வார்கள். ஆள் கண்டுபிடித்துப் பத்து முறை தொடர்ந்து சரியாகப் போட்டதும், சொல்லாமல் கொள்ளாமல் விதியை மாற்றிவிடுவார்கள். முன்மூளையில் அடிபட்டவர்களில் பலர் இங்கே மாட்டிக்கொள்வார்கள். தப்பு தப்பு என்று கேட்டுக்கொண்டே பழைய விதியைக் கட்டிக்கொண்டு அழுவார்கள்.

போன முறை கிரேன்காரர் இதில் பிரமாதமாகச் செய்திருந்தார். ஆறு முறையும் விதியைப் பிடித்தார், பழையதைப் பிடித்துத் தொங்கிய தப்பு இரண்டே இரண்டு. அவர் வயதுக்காரர் நூறு பேரை நிறுத்தினால் எண்பத்து நாலு பேருக்கு மேலே. அன்றும் எண்ணெழுத்துத் தாள் சரியில்லை, சொற்களும் சரியில்லை. ஆனால் உளவியலாளர் அந்த ஒரு மதிப்பெண்ணில் மயங்கி, மற்றவற்றைக் "களைப்பு" என்று எழுதிவிட்டார்.

முதல் சீட்டைக் கையில் கொடுத்தார். கிரேன்காரர் உற்சாகமாக நிமிர்ந்தார்.

"இது எனக்குத் தெரியும் மேடம். முதல்ல நிறம், அப்புறம் வடிவம், அப்புறம் எண்ணிக்கை. பத்து சரியாப் போட்டதும் மாத்திருவீங்க."

"போன தடவை இங்க செஞ்சது ஞாபகம் இருக்கா?"

"அதுவே ரெண்டாவது தடவ. அடிபட்டுப் படுத்திருந்த ஆஸ்பத்திரியில முதல்ல வெச்சாங்க. அங்க ஒண்ணும் புரியல, சுத்தமா சொதப்பிட்டேன். அப்புறம் அந்தப் பயிற்சி டாக்டர் பொண்ணு பாவப்பட்டு ரகசியத்தைச் சொல்லிக் கொடுத்துச்சு. இங்க வந்தப்ப மனப்பாடம்!"

உளவியலாளர் சீட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

இந்தச் சோதனை ஒருவருக்கு ஒரு முறைதான் வேலை செய்யும். விதி மாறும் என்பதே தெரியாமல் இருக்கும்போது அது முன்மூளையை அளக்கிறது. தெரிந்த பிறகு அது நினைவாற்றலைத்தான் அளக்கிறது. நினைவாற்றலோ இவருக்கு முழுசாக இருந்தது. அந்த எண்பத்து நாலும் நினைவாற்றலின் மதிப்பெண். இந்தச் சோதனையை முன்னால் செய்திருக்கிறீர்களா என்று அன்று கேட்டிருக்க வேண்டும். படிக்கிற பிள்ளைகளுக்கு அவரே வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிற கேள்வி அது. அன்று அவர் கேட்கவில்லை. பழைய மருத்துவமனையின் தாள்களையும் வரவழைக்கவில்லை.

சீட்டுக்கட்டை ஓரம் தள்ளிவிட்டு வேறொன்று வைத்தார். ஆறு சின்ன வேலைகள், பத்து நிமிடம். எதையும் முடிக்க வேண்டாம், ஆனால் ஆறையும் கொஞ்சமாவது தொட வேண்டும். கிரேன்காரர் முதல் வேலையில் உட்கார்ந்தார். பத்து நிமிடமும் அதிலேயே இருந்தார். எதிரே கடிகாரம் ஓடியது, பார்த்தார்கூட.

"விதி என்னன்னு சொல்லுங்க சார்?"

"ஆறையும் தொடணும்." பிசகில்லாமல் சொன்னார். கை முதல் வேலையிலேயே இருந்தது.

உளவியலாளர் கடிகாரத்தை நிறுத்தினார். தெரிவதற்கும் செய்வதற்கும் நடுவில் இருக்க வேண்டிய பாலம் இடிந்து கிடந்தது. அந்தப் பாலத்துக்குக் கீழேதான் சிக்னல்மேன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறான்.

மதியம் துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னார். அவர் கதவைச் சாத்தினார்.

"இன்னிக்கு வந்த ஸ்கோரை மட்டும் எழுதும்மா. பழசை ஏன் கிளறணும்? நாளாக ஆக மோசமாயிருக்கலாம்னு ஒரு வரி போடு. பொய்யும் இல்ல."

"பொய்தான் சார். அன்னிக்கும் இதே வடிவம்தான். ஒரே ஒரு ஸ்கோர்தான் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. அதை நான்தான் கேள்வி கேக்கல."

"உன் வேலை போயிரும்."

"அவரு ஜெயிலுக்குப் போவாரு சார்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் பெயராது என்று உளவியலாளருக்குத் தெரியும்.

தன் அறைக்கு வந்து இரண்டு வரிசை மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். நினைவு, வேகம் சராசரி. மாறுதல், தடுத்தல், தன்னைக் கண்காணித்தல் அன்றும் இன்றும் மிகக் குறைவு. அதன் கீழே, "முதல் அறிக்கையின் முடிவு தவறு. சீட்டுச் சோதனை முன்பே செய்யப்பட்டு, விதியும் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. அதை நான் விசாரிக்கவில்லை. நிறுத்தச் சொல்லும் சைகையைப் பார்த்தும் இவரால் நிறுத்த முடியாமல் போவது இந்த மதிப்பெண்களோடு பொருந்துகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கிரேன்காரரின் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இளைத்துத் துரும்பாகியிருந்தாள். அன்று இதே பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, "மேடம், அவரு முன்ன மாதிரி இல்ல, குளிங்கன்னு சொன்னாத்தான் குளிக்கிறாரு, குழாயைத் திறந்தா மூடுறதில்ல" என்று சொன்னவள் இவள்தான். உளவியலாளர் அதைக் "குடும்பத்தாரின் பதற்றம்" என்று குறித்துக்கொண்டதும் இவளைப் பார்த்துத்தான்.

அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"அவரு தானா வேலைக்குப் போகவே இல்ல மேடம்," என்றாள் அவள் மெதுவாக. "உங்க தாளு வந்தப்புறமும் கட்டில்லயே உக்காந்திருந்தாரு. நான்தான் தினமும் எழுப்பினேன். ஒடம்புக்கு ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டாங்க, சோம்பேறித்தனம் பண்ணாதீங்க, எந்திரிங்கன்னு. அன்னிக்குக் காலையிலயும் சட்டைய மாட்டிவிட்டு முதுகில கைய வெச்சுத் தள்ளி அனுப்பினேன்."

அவள் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள்.

"மூணு மாசமா தூக்கம் இல்ல. நான் தள்ளினதாலதான் அந்தப் பையன் செத்தான்னு..." உளவியலாளரை நிமிர்ந்து பார்த்தாள். "நான் இல்லையா மேடம்? நீங்க சொல்லுங்க. நான் இல்லைதானே?"

உளவியலாளர் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க இல்லம்மா," என்றார். "நான்தான்."