எந்தக் கட்டத்திலும் அடங்காத வாக்கியம்

அந்த மாலைக் கல்லூரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சுருக்கம்மா என்றுதான் சொல்வார்கள். இரண்டு மணி நேரப் பேச்சை இரண்டே தாளில் அடக்கிவிடுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? கடை, பட்டறை, சின்னக் கம்பெனி என்று நடத்துகிறவர்கள் வேலை முடிந்து கொட்டாவியோடு வந்து உட்காரும் கல்லூரி அது. வணிகச் சட்டம் எடுக்கும் பேராசிரியர் தங்கமான மனிதர். ஆனால் வாயைத் திறந்தால் எங்கே தொடங்கி எங்கே போய் நிற்பார் என்று அவருக்கே தெரியாது. ஒப்பந்தங்களைப் பற்றி அவர் பேசியதை ஒலிப்பதிவில் கேட்டு, கையெழுத்துப் போடுமுன் எவரும் சரிபார்த்துக்கொள்ளும்படி ஒரு பட்டியலாக்குவது சுருக்கம்மாவின் வேலை.

வரிசைக்கு நாலு கட்டம்: பிரிவின் பெயர், எளிய அர்த்தம், வழக்கமாக விழும் குழி, டிக் அடிக்க ஒரு பெட்டி. ஒரு வரிசையில் ஒரு பிரிவுதான். இரண்டு தாளைத் தாண்டக் கூடாது என்பது கல்லூரி மேலாளரின் கட்டளை. மூன்றாவது தாளைக் கண்டால் ஜனங்கள் மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்களாம்.

அவளுக்கு இதெல்லாம் கைவந்த கலை. ஈட்டுறுதி என்ற பயமுறுத்தும் சொல்லுக்கு, 'எங்களுக்கு வரும் நஷ்டத்தை நீங்கள் சுமக்க வேண்டும்' என்று எழுதினாள். பக்கத்துக் கட்டத்தில், 'குழி: உங்கள் தவறால் வந்த நஷ்டம் மட்டும் என்று எல்லை போடாமல் விடுவது.' முழு உடன்பாடு என்ற பிரிவுக்கு, 'எழுதியது மட்டுமே பேச்சு. குழி: எதிராளி வாயால் கொடுத்த வாக்கை நம்புவது.' பேராசிரியரே படித்துவிட்டு, "நான் இவ்வளவு தெளிவாவா பேசினேன்?" என்று சிரித்தார். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு இடத்தில்தான் இடித்தது. வகுப்பு முடிந்து நாற்காலிகள் நகரும் சத்தத்துக்கு நடுவே பேராசிரியர் ஒன்று சொல்லியிருந்தார்: "இன்னொண்ணு. எந்தப் பிரிவையும் தனியா படிக்காதீங்க. 'வேறு எங்கு என்ன சொல்லியிருந்தாலும்'னு ஆரம்பிக்கிற வரி எங்கேயாவது இருக்கான்னு முதல்ல தேடுங்க. பொதுன்னு தலைப்புப் போட்டு கடைசியில ஒளிச்சு வச்சிருப்பாங்க. அது மத்த பிரிவையெல்லாம் தின்னுடும்."

அதை அவள் தட்டச்சு செய்தாள். ஆனால் எந்த வரிசையில் போடுவது? அது ஒரு பிரிவின் பெயர் இல்லை. எல்லாப் பிரிவுக்கும் பொருந்துகிற பேச்சு. மேலே தனிக் குறிப்பாகப் போட்டால் கடைசி வரிசை மூன்றாவது தாளுக்கு வழிந்தது. அழித்தாள். தாள் இரண்டுக்குள் கச்சிதமாக நின்றது.

அவளுடைய அக்கா சலவைக்கடை வைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. சலவைக்கடை என்றால் இஸ்திரிப் பெட்டியும் மேசையும் இல்லை; ஆள் உயரத்துக்கு நிற்கும் துவைக்கும் இயந்திரங்கள், அவற்றுக்குத் தரையைத் தோண்டிக் குழாய், கழிவுநீர்க் கால்வாய், அதிராமல் இருக்கக் கான்கிரீட் மேடை. இன்றைக்கு வைத்துவிட்டு நாளைக்குத் தூக்கிக்கொண்டு போகிற சமாச்சாரம் அல்ல. விவாகரத்து ஆனபின் கையில் மிஞ்சியதையெல்லாம் அக்கா அந்தத் தரைக்குள்தான் புதைக்கப்போகிறாள்.

குத்தகைப் பத்திரம் வந்த அன்று சுருக்கம்மா பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா சமையலறை மேசையில் இரண்டையும் பரப்பி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். தங்கை பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு, தன் வார்த்தைகள் வேலை செய்கிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முழு உடன்பாடு என்ற வரிசை வந்ததும் அக்கா நிமிர்ந்தாள். "அஞ்சு வருஷம் முடிஞ்சதும் இன்னொரு அஞ்சு தர்றேன்னு கட்டடத்துச் சொந்தக்காரர் வாயாலதானே சொன்னார்? இதுல காணோமே!"

"அதான் குழி," என்றாள் தங்கை, பூரித்துப்போய். "எழுதி வாங்கு."

அக்கா வாங்கிவிட்டாள். கட்டடக்காரரின் வக்கீல் கொஞ்சமும் முகம் சுளிக்காமல் ஒன்பதாம் பிரிவில் நீட்டிப்பு உரிமையை எழுதிக் கொடுத்தார். அவர் ஏன் சுளிக்கிறார்? ஒப்பந்தத்தை முடிக்கும் பிரிவில், வாடகை தவறினால் மட்டுமே காலி செய்யச் சொல்லலாம் என்று இருந்தது. டிக். நீட்டிப்பு, டிக். கடைசிப் பக்கத்தில் 'பொது' என்று ஒரு பிரிவு இருந்தது. பட்டியலில் அந்தப் பெயரில் வரிசை இல்லை. அக்கா அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

கடை நன்றாகத்தான் நடந்தது. இரண்டு விடுதிகளின் படுக்கை விரிப்புகள் அக்காவிடம் வந்துகொண்டிருந்தன. இரண்டாம் வருடம் பாதியில் ஒரு பதிவுத்தபால் வந்தது: கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறோம், தொண்ணூறு நாளில் காலி செய்யவும்.

சுருக்கம்மா பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பேராசிரியரிடம் ஓடினாள். அவர் முதல் பக்கத்தைப் புரட்டவே இல்லை. நேராகக் கடைசிக்குப் போய் இருபத்திரண்டாம் பிரிவில் விரலை வைத்தார். 'இப்பத்திரத்தில் வேறு எங்கு என்ன கூறப்பட்டிருந்தாலும், உரிமையாளர் கட்டடத்தை இடித்துக் கட்ட முடிவு செய்தால்...' நஷ்ட ஈடு கிடையாது, தரையை முன்பிருந்தபடி ஆக்கிக் கொடுக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தது.

"ஒன்பதாவது பிரிவுல உரிமை இருக்கே, சார்?"

"அதைத்தாம்மா இது தின்னுடுச்சு. நிஜமாவே இடிக்கப் போறாங்களான்னு கேட்டு ஒரு நோட்டீஸ் விடலாம். ஆனா இடிக்க அனுமதி வாங்கி வச்சிருப்பாங்க." கண்ணாடியைக் கழற்றினார். "வகுப்புல சொன்னேனே நான்?"

"சொன்னீங்க, சார்."

விஷயம் காதில் விழுந்து, மறுவாரம் மேலாளர் பட்டியலைத் திருத்தச் சொன்னார். விட்டுப்போன வாக்கியத்தைச் சேர்க்கத்தான் என்று அவள் நினைத்தாள். இல்லை. 'இது சட்ட ஆலோசனை ஆகாது. இதனால் நேரும் இழப்புக்குக் கல்லூரி பொறுப்பல்ல' என்று அடியில் போட வேண்டுமாம். எழுத்தைச் சற்றுச் சிறிதாக்கினால் இரண்டு தாளுக்குள்ளேயே அடங்கும் என்று வழியும் சொன்னார். அடங்கியது. விட்டுப்போன வாக்கியம் மட்டும் இன்னும் வெளியேதான்.

கடைசி நாள் கடையில் கான்கிரீட் மேடையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். இயந்திரங்களைப் பழைய சாமான் வாங்குகிறவர்கள் வாசலில் இறக்கி வைத்திருந்தார்கள். அக்கா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, தான் பதித்த குழாய்களைத் தானே கழற்றிக்கொண்டிருந்தாள். சுருக்கம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அக்கா திரும்பாமலே கேட்டாள். "அந்தக் கடைசிப் பிரிவு விஷயத்தை உங்க பேராசிரியர் வகுப்புல சொன்னாராமே?"

"சொன்னார்க்கா."

"நீ கேட்டியா?"

"கேட்டேன். எழுதவும் செஞ்சேன். எந்தக் கட்டத்துலயும் அடங்கல. மூணாவது தாளுக்குப் போச்சு. அதான் எடுத்துட்டேன்."

அக்கா ஸ்பானரைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று தங்கை எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"சரி, தாள்ல இடமில்ல," என்றாள் அக்கா. "நான் பத்திரத்தைப் படிச்சப்போ நீ என் பக்கத்துலதானே உட்கார்ந்து டீ குடிச்சே? வாயால சொல்லியிருக்கலாமே."

தாளிலிருந்து அழித்ததைச் சுருக்கம்மா தன் தலையிலிருந்தும் அழித்துவிட்டிருந்தாள் என்பதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? அன்றைக்கு அவள் அக்காவின் பத்திரத்தைப் பார்க்கவே இல்லை. தன் பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ கிளம்பு," என்றாள் அக்கா, மறுபடியும் ஸ்பானரை எடுத்துக்கொண்டு. "உன்னைத் திட்டக்கூட எனக்கு இப்போ தெம்பில்ல."